ஓய்வூதியத்தைத் தொடாமல் ஒரு தொழில்: சேலைக்கு ஃபால்ஸ் தைத்தல்

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பி.எஃப். அலுவலகத்திலிருந்து எனக்கு மாதம் 2,140 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. அரிசி ரேஷனில் கிடைத்துவிடும், வீடு மாமனார் கட்டியது, வாடகை இல்லை. அப்படியிருந்தும் இருபதாம் தேதிக்கு மேல் கையில் எதுவும் மிஞ்சாது. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். கேட்டால் கொடுப்பான். ஆனால் மருந்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் மாதாமாதம் போன் போட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று தேடி, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதிலும் முந்திக்குக் குஞ்சம் கட்டுவதிலும் வந்து நின்றேன். ஆறு வருடமாகச் செய்கிறேன். என் நிலையில் இருக்கும் அக்கா தங்கைகள் முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு வருவது எந்த ஓய்வூதியம் என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொழில் தொடங்கக் கூடாது. பி.எஃப். வழியாக வரும் விதவை ஓய்வூதியம் கணவர் கட்டிய சந்தாவுக்காக வருவது. 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். நீங்கள் வீட்டில் தைத்துச் சம்பாதிப்பதால் அது குறையாது, நிற்காது. மறுமணம் செய்துகொண்டால்தான் நிற்கும். அரசு ஊழியரின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் தையல் வருமானத்தால் குறைவதில்லை. இரண்டுக்கும் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஆனால் தாலுகா அலுவலகம் வழியாக வரும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை வேறு மாதிரி. அது வேறு ஆதரவு இல்லாதவர் என்பதற்காகத் தரப்படுவது. அதை வாங்குகிறவர்கள் தொழில் வளர்ந்து கடை போடும் அளவுக்குப் போவதற்கு முன்னால், தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் 25 வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால், பி.எஃப். திட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாகப் பிள்ளை ஓய்வூதியமும் உண்டு. விண்ணப்பிக்காமலே விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். புதுத் தொழிலில் சம்பாதிக்கப்போவதற்கு முன் இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எந்தத் தொழிலையும் இரண்டு கேள்வி கேளுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது யோசித்தால் நம் நிலையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி: எல்லாமே வீணாய்ப் போனால் எவ்வளவு போகும்? அது ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த மாதமே கடன் வாங்க வேண்டிவரும். கடன் வாங்கினால் யாருக்காவது பதில் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது: இந்த வேலையில் எந்த இடத்திலாவது இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறதா? மாவு அரைத்து விற்க நினைத்தேன். அரிசி மூட்டை இறக்கவும், கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவவும் ஆள் வேண்டும். மாலைக்குள் விற்காத மாவு புளித்துப்போகும். வெயில் காலத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்றால் அன்றைய முதல் போச்சு. நல்ல தொழில்தான், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறவர்களுக்கு நன்றாக நடக்கும். தனியாக இருக்கிற எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஃபால்ஸ் தைப்பதில் கெட்டுப்போகும் சரக்கு கிடையாது. நூலும் ஃபால்ஸ் துணியும் வருடக்கணக்கில் இருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணியை அவர்களே கொண்டுவந்து அவர்களே எடுத்துப்போவார்கள். உடம்பு முடியாத நாள் ஊசியைக் கையில் எடுக்காமல் இருந்தால் நஷ்டம் வராது. ஆனால் இதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. நம் கையில் இருப்பது அடுத்தவருடைய சேலை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த இரண்டு கேள்வியிலும் உடனே தோற்றுப்போகிற சில "வேலைகள்" நம்மைத் தேடி வரும். பேப்பர் தட்டு மெஷினோ ஊதுபத்தி மெஷினோ எங்களிடம் வாங்குங்கள், செய்கிற சரக்கை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். மெஷினுக்குப் பணம் கட்டிய பிறகு சரக்கு தரமில்லை என்று தள்ளுவார்கள், அல்லது போனை எடுக்க மாட்டார்கள். வேலை தர முன்பணம் அல்லது பதிவுக் கட்டணம் கேட்டாலே அது வேலை இல்லை. அதைவிட மோசமானது, "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்" என்பது. அது திருட்டுப் பணமாக இருக்கும். கணக்கை முடக்குவார்கள், அதோடு ஓய்வூதியமும் மாட்டிக்கொள்ளும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

முதலீடு

தையல் மெஷின் வாங்கித் தொடங்காதீர்கள். பட்டுச் சேலைக்குக் கையால் தைத்த ஃபால்ஸைத்தான் விரும்பிக் கேட்பார்கள். மெஷினில் அடித்தால் சேலையின் முன்பக்கம் தையல் கோடு தெரியும், துணி சுருங்கி நெளியும். ஆகவே ஊசி நூலே போதும். சமூக நலத்துறையில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் ஒன்று இருக்கிறது, கணவரை இழந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் வயது வரம்பும் வருமான வரம்பும் தையல் சான்றிதழும் பார்ப்பார்கள். தகுதி இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது இவ்வளவுதான்: மொத்தக் கடையில் 24 காட்டன் ஃபால்ஸ், ஒன்று 22 ரூபாய் வீதம் 528. முப்பது நிறத்தில் நூல்கண்டு 240. நல்ல கத்தரிக்கோல் 180, நூல் வெட்டும் சின்னக் கத்தரி 30. குண்டூசி டப்பா 40, மெல்லிய கையூசி 20, டேப் 15. கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் 60. மொத்தம் 1,113 ரூபாய். வீட்டில் இஸ்திரிப் பெட்டியும், தரையில் விரிக்கப் பழைய வெள்ளைப் போர்வையும் இருந்தன. விலைகள் உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு 2,000 ரூபாயைத் தாண்டினால் தேவையில்லாதது எதையோ வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

நிறம் வாங்கும்போது எல்லா நிறமும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மெரூன், அரக்கு, கரும்பச்சை, நீலம், கறுப்பு, சந்தனம் ஆகியவை அதிகம் போகும். மயில் கழுத்து நிறமும் ஊதாவும் ஒவ்வொன்று போதும். நிறம் பொருத்துவதைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். ட்யூப் லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத்தான் தெரியும்.

தைப்பது எப்படி

தெரிந்தவர் ஒருவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சேலை தைப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் பழைய சேலைகளில் பத்தாவது தைத்துப் பாருங்கள். என் முதல் சேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இருபது தைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு வந்தேன். அதற்குக் கீழே போக நான் முயல்வதில்லை.

ஃபால்ஸை வாங்கிய உடனே தைக்கக் கூடாது. காட்டன் ஃபால்ஸ் தண்ணீர் பட்டால் சுருங்கும். முதல் நாள் இரவே வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு வையுங்கள். ஊறவைத்த தண்ணீரைப் பாருங்கள். சிவப்போ ஊதாவோ இறங்கியிருந்தால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் அந்த ஃபால்ஸை வெளிர் நிறச் சேலைக்குத் தொடாதீர்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டால், முதல் துவைப்பில் சேலையின் அடிப்பக்கம் குருவி வாய் மாதிரி சுருங்கி நிற்கும். வாடிக்கையாளர் நம்மிடம் வந்து சண்டை போட மாட்டார், அடுத்த தடவை வராமலே இருந்துவிடுவார். பாலியஸ்டர் ஃபால்ஸ் சுருங்காது. சிந்தெடிக் சேலைகளுக்கு அது போதும்.

அடுத்து, சேலையின் எந்த ஓரம் அடிப்பக்கம் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பெரிய பார்டர் இருந்தால் குழப்பமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பார்டர் என்றால்தான் புதிதாகச் செய்கிறவர்கள் தவறு செய்வார்கள். சேலையின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். இடுப்பில் முதலில் செருகும் நுனி உங்கள் இடது கைப்பக்கமும், முந்தி வலது கைப்பக்கமும் இருக்கட்டும். அப்போது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரம்தான் தரையைத் தொடும் ஓரம். அதன் உள்பக்கத்தில்தான் ஃபால்ஸ் வரும். தலைகீழாகத் தைத்துவிட்டால் மொத்தமும் பிரிக்க வேண்டும், பிரித்த ஊசித்துளை பட்டில் தெரியும்.

பிறகு ரவிக்கைத் துணி. இப்போது வரும் சேலைகளில் பெரும்பாலும் ரவிக்கைத் துணி உள்நுனியிலேயே சேர்ந்து வரும். வழக்கமான அளவு, சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கை 80 சென்டிமீட்டர், மொத்தம் 6.3 மீட்டர். வெட்டுவதற்கு முன் முழுச் சேலையையும் டேப்பால் அளந்து, வெட்டிய பிறகு ஐந்தரை மீட்டர் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாது என்றால் அதில் ரவிக்கைத் துணி இல்லை, அல்லது வேறு அளவில் நெய்திருக்கிறார்கள். அப்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெட்டிய ஓரத்துக்கு முதலில் பிக்கோ அடித்துவிட்டு அப்புறம்தான் ஃபால்ஸ். சொந்தமாக மெஷின் வாங்கும்வரை பிக்கோவை நான் பக்கத்துத் தெருவில் மெஷின் வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் கொடுத்து வாங்கினேன். அதற்கான 30 ரூபாயை அப்படியே அவருக்குக் கொடுத்துவிடுவேன்.

ஃபால்ஸ் இரண்டே முக்கால் மீட்டர் அளவுக்கு இருக்கும். உள்நுனியிலிருந்து ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள். ஃபால்ஸின் நுனியை உள்ளே மடித்து, கீழ் ஓரத்தைச் சேலையின் ஓரத்தைவிட ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். சேலை முழுவதும் தரையிலேயே கிடக்க வேண்டும். மடியில் வைத்தோ கட்டிலில் தொங்கவிட்டோ தைத்தால் சேலையின் கனம் இழுத்து, ஒரு பக்கம் தளர்ந்து ஒரு பக்கம் இறுகும். முதலில் கீழ் ஓரம் முழுவதும் தைத்து முடியுங்கள். பிறகு ஃபால்ஸைக் கையால் நீவிவிட்டு மேல் ஓரத்துக்கு வாருங்கள். மேல் ஓரத்தில் ஊசி சேலையின் ஒன்றிரண்டு இழையை மட்டும் பிடிக்க வேண்டும், ஒற்றை நூல்தான், ஒரு தையலுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. நூலை இழுத்து இறுக்காதீர்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நல்ல பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தால் நூல் இறுகியிருக்கிறது.

குஞ்சம் கட்டுவது இதற்கு அடுத்தபடி. ஃபால்ஸ் நன்றாகக் கைவந்து மூன்று நான்கு மாதம் ஆன பிறகு கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சேலைக்கு எளிய குஞ்சம் கட்ட எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். முந்தியின் ஓரம் மடித்து அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சத்தின் கனமே இழையை உருவி எடுத்துவிடும்.

அடுத்தவர் சேலையைக் காப்பாற்றுவது

என் தொழிலில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். 90 ரூபாய் கூலிக்கு 15,000 ரூபாய்ச் சேலை நம் வீட்டில் ஒரு வாரம் இருக்கும்.

சேலையை வாங்கும்போதே, கொடுப்பவர் முன்னாலேயே முழுவதும் விரித்துப் பாருங்கள். கறை, இழை விட்ட இடம், ஜரிகை கறுத்த இடம் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். எழுதாமல் வாங்கிய ஒரு சேலையில், முந்தியில் ஏற்கெனவே இருந்த எண்ணெய்க் கறைக்கு நான் 800 ரூபாய் கொடுக்க வேண்டிவந்தது. அந்த அம்மாவும் பொய் சொல்லவில்லை, கடையிலேயே இருந்த கறையை அவர் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து விரித்துப் பார்க்காமல் எந்தச் சேலையையும் வாங்குவதில்லை. உறவுக்காரர் என்றாலும் அப்படித்தான்.

ரவிக்கைத் துணியை வெட்டலாமா வேண்டாமா என்பதையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலை கூடிய பட்டு என்றால் அவர்கள் எதிரிலேயே அளந்து வெட்டிவிடுவது இன்னும் நல்லது.

வேலையைக் குளித்த பிறகு, சமையலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் எண்ணெயும் பட்ட கையோடு உட்காரக் கூடாது. நகத்தை மழுங்கத் தேய்த்துவிடுங்கள், சொரசொரப்பான நகம் பட்டில் இழையைக் கொக்கி போட்டு இழுக்கும். முடித்த சேலையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. ஒரே நேரத்தில் பத்துச் சேலைக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணப் பட்டு என்றால் என்றைக்கு எடுக்க வருவார்கள் என்று முன்பே பேசி, அதற்கு முந்தின நாள்தான் வாங்கி வைப்பேன்.

வீட்டு வாசல், போன், பணம்

தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவது எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. காலை 10 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை என்று நேரம் வைத்தேன். சேலை வாங்குவதும் கொடுப்பதும் திண்ணையில்தான், உள்ளே கூப்பிடுவதில்லை. ஆண்கள் தனியாக வந்தால் "வீட்டில் அம்மாவை வரச்சொல்லுங்கள் தம்பி, நிறம் அவங்கதான் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது உண்மையும்கூட. யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தொழிலுக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சேலைப் படம் போடலாம், வீட்டு முகவரியைப் போடாதீர்கள். தெருப் பெயர் போதும், வருகிறவர்கள் போன் செய்து கேட்டு வரட்டும்.

ஓய்வூதியம் வரும் கணக்கில் தொழில் பணத்தை வாங்காதீர்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஜி-பே, போன்-பே எல்லாவற்றையும் அதில் மட்டும் இணையுங்கள். ஏதாவது மோசடியில் மாட்டினாலும் போவது அந்தக் கணக்கில் இருக்கும் சில நூறு ரூபாயாக இருக்கும். ஓய்வூதியத்துக்கு எதுவும் ஆகாது. நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு வாங்கிக்குங்க" என்று யார் சொன்னாலும் அது நம் பணத்தை எடுப்பதற்குத்தான்.

ஏ.டி.எம். அட்டையும் பாஸ்புக்கும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும், வங்கிக்குக் கூட வந்து உதவட்டும், அட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். நமக்கு வருமானம் வருகிறது என்று தெரிந்ததும் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். குழுக் கடனில் பெயர் சேர்க்கக் கூப்பிடுவார்கள். குழுவில் ஒருத்தி கட்டவில்லையென்றால் வாரத் தவணை அன்று மற்றவர்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஃபால்ஸ் தைக்கக் கடன் எதற்கும் தேவையில்லை. ஆகவே "எனக்கு வேண்டாம் அக்கா" என்று சொல்ல நமக்குக் காரணம் இருக்கிறது.

வேலை எங்கிருந்து வரும், எவ்வளவு வரும்

முதல் பத்துச் சேலை தெருவிலிருந்துதான் வரும். அதற்கு ஃபால்ஸ் விலையை மட்டும் வாங்கினேன். பிறகு ரவிக்கை தைக்கும் டெய்லர்களிடம் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு ஃபால்ஸ் வேலை பிடிக்காது, நேரம் பிடிக்கும், கூலி குறைவு. ரவிக்கை தைக்க வருகிறவர்களை நம்மிடம் அனுப்புவார்கள். எனக்கு இன்றுவரை பாதி வேலை இரண்டு டெய்லர் அக்காக்கள் வழியாகத்தான் வருகிறது.

ஜவுளிக் கடைகளும் மொத்தமாகக் கொடுப்பார்கள். ஒரு கடையில் ஒரு முறை 60 சேலை எடுத்தேன். துணி அவர்களுடையது, கூலி ஒன்றுக்கு 35 ரூபாய். 2,100 ரூபாய் வர வேண்டியது, இரண்டு மாதம் நடந்த பிறகு 300 ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அந்த நேரத்தில் என் சொந்த வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியிருந்தேன், அதுதான் பெரிய நஷ்டம். இப்போது எந்த ஓர் இடத்திலிருந்தும் மாத வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. முந்தின கணக்கு தீராமல் அடுத்த கட்டை வாங்குவதும் இல்லை.

என் நோட்டிலிருந்து இரண்டு மாதத்தைச் சொல்கிறேன். ஒரு தை மாதத்தில் 41 சேலைக்கு ஃபால்ஸ், ஒன்றுக்குத் துணியோடு சேர்த்து 90 ரூபாய், அது 3,690. ஒன்பது சேலைக்குக் குஞ்சம், ஒன்றுக்கு 200 வீதம் 1,800. ஆக வரவு 5,490. ஃபால்ஸ் துணி 902, தையல் நூல் 80, குஞ்சத்துக்குப் பட்டுநூல் 315, செலவு 1,297. கையில் நின்றது 4,193 ரூபாய். அதற்கு நான் உட்கார்ந்தது 68 மணி நேரம். மணிக்கு அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

அதற்கு முந்தின மார்கழியில் கல்யாணம் கிடையாது. பொங்கலுக்கு எடுத்த சேலைகள் கடைசி வாரத்தில்தான் வந்தன. 14 ஃபால்ஸ், 2 குஞ்சம், வரவு 1,660, செலவு 408, மிச்சம் 1,252. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் வேலை இருக்கும், தள்ளுபடியில் எடுத்த சேலைகள் வந்துகொண்டே இருக்கும். இது எனக்கே முதல் வருடம் ஆச்சரியமாக இருந்தது. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம்தான் எங்களுக்கு அறுவடை. அப்போது ஆசைப்பட்டு ராத்திரியில் உட்காராதீர்கள். இரவு வெளிச்சத்தில் தைத்த சேலைகளில்தான் எனக்குப் பிரித்துத் தைக்கும் வேலை வந்தது, கண் எரிச்சலும் கழுத்து வலியும் மிச்சம். ஒரு நாளைக்கு மூன்று சேலை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எழுந்து நடப்பது என்று வைத்திருக்கிறேன். கண்ணாடி போட வேண்டிய வயதென்றால் முதல் மாத வருமானத்தில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், மாதம் வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டியவர்களுக்கு இது மட்டும் போதாது. அப்படிப்பட்டவர்கள் வெளியே சம்பள வேலை பார்த்துக்கொண்டு, இதை ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்தில் சாப்பாடு நடக்கிறது, மருந்துக்கும் மொய்க்கும் கைச்செலவுக்கும்தான் அடுத்தவரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பவர்களுக்கு இது சரியான அளவு.

அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். tnuwwb.tn.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம், பதிவுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அறுபதுக்கு மேல் அங்கிருந்து வரும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும், ஏற்கெனவே வாங்குகிற உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிக்கோ மெஷின் எப்போது

மூன்று மாதம் ஆனதும் எல்லோரும் மெஷின் வாங்கச் சொல்வார்கள். நோட்டைப் பாருங்கள். எனக்கு அப்போது மாதம் சராசரி 30 பிக்கோ வெளியே போய்க்கொண்டிருந்தது. 30 ரூபாய் வீதம் 900. நான் விசாரித்த மெஷின் 14,000 ரூபாய். வேறு செலவே இல்லையென்று வைத்தாலும் போட்ட காசு திரும்ப 15, 16 மாதம் ஆகும். மோட்டார் ரிப்பேரானால் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். அதனால் அப்போது வாங்கவில்லை. தைத்த பணத்தில் மாதம் 500 ரூபாய் தபால் அலுவலகத்தில் ஆர்.டி. போட்டேன். மூன்றாவது வருடம், சராசரி 50ஐத் தாண்டிய பிறகு அந்தப் பணத்தில் வாங்கினேன். மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று உறுதி சொன்ன கடையாகப் பார்த்து வாங்கினேன், அதற்காக 600 ரூபாய் கூடக் கொடுத்தேன்.